‘ஆனால்’ என்று வாக்கியத்தைத் தொடங்கக்கூடாதா? இணைப்புச் சொற்கள்: ஒரு விளக்கம்

சென்ற மாதம் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பேசி முடித்துக் கிளம்பும்போது ஒரு தாயார், “தம்பி, நீங்க தமிழ் படிச்சவராமே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று தம் மகளின் கட்டுரை நோட்டை நீட்டினார். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு பக்கத்தில் மூன்று இடங்களில் ‘ஆனால்’ என்ற சொல் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. ஓரத்தில், ‘வாக்கியத்தை ஆனால் என்று தொடங்கக்கூடாது’ என்ற குறிப்பு.

அந்தப் பிள்ளை முதலில் எழுதியிருந்தது இது: ‘அப்பா கூட்டத்துக்குப் போக நினைத்தார். ஆனால் வேலை முடிய இரவாகிவிட்டது.’ திருத்தி எழுதும்போது ‘ஆனால்’ வரக்கூடாது என்பதற்காக இப்படி மாற்றியிருந்தாள்: ‘வேலை முடிய இரவாகிவிட்டதால் அப்பா கூட்டத்துக்குப் போக நினைத்தார்.’

முதல் வாக்கியத்தில் அப்பா போக முடியாமல் தவித்தார். திருத்திய வாக்கியத்தில், இரவானதே அவர் கூட்டத்துக்குப் போக நினைத்ததற்குக் காரணமாகிவிட்டது. சிவப்பு மை போன பிறகுதான் வாக்கியம் தவறானது.

இந்தக் குழப்பம் அந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. மூன்று மொழிகளைச் சேர்ந்து படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் இது உண்டு. எனவே இணைப்புச் சொற்களை வகைப்படுத்தி, எடுத்துக்காட்டுகளோடு இங்கே பார்ப்போம். அந்தத் தடை எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு இடமுண்டா என்பதையும் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை

இணைப்புச் சொற்களைப் பிரிப்பதற்கு முன், அவை எதை இணைக்கின்றன என்று தெரிய வேண்டும். ‘மழை பெய்தது’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மேற்கொண்டு எதையும் எதிர்பார்க்க மாட்டார். ‘பெய்தது’ முற்றுவினை. அதில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘மழை பெய்ததால்’ என்று சொல்லி நிறுத்தினால், “பெய்ததால் என்ன?” என்று அடுத்த கேள்வி வரும். அது தானாக நிற்காது. வேறொரு முற்றுவினையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

முற்றுவினையோடு தானாக நிற்பதை முதன்மை வாக்கியம் என்கிறோம். இன்னொன்றைச் சார்ந்து நிற்பதைத் துணை வாக்கியம் என்கிறோம். இரண்டு முதன்மை வாக்கியங்களைச் சமமாக அருகருகே நிறுத்துவது சமநிலை இணைப்பு. ஒன்றை மற்றொன்றின் கீழ் வைப்பது சார்நிலை இணைப்பு. எந்தச் சொல்லைப் பார்த்தாலும், அதன் இருபுறமும் உள்ளவை தனித்து நிற்கின்றனவா என்று சொல்லிப் பாருங்கள். வகை தெரிந்துவிடும்.

சமநிலை இணைப்பு

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ஏழு சொற்களைப் பட்டியலிடுவார்கள்: ஃபார், அண்ட், நோர், பட், ஓர், யெட், சோ. தமிழில் இவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று நேர்ச்சொல் தேட வேண்டாம். பொருளை வைத்துப் பிரிப்பதே எளிது.

எதிர்மாறு சொல்ல: ஆனால், எனினும், ஆயினும், இருப்பினும். 
‘பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் அதில் இடமில்லை.’

விளைவு சொல்ல: எனவே, ஆகவே, ஆகையால். 
‘பால்வெட்டு சீக்கிரம் முடிந்தது. எனவே அம்மா சந்தைக்குக் கிளம்பினார்.’

காரணம் சொல்ல: ஏனென்றால், ஏனெனில். 
‘தங்கை பள்ளிக்குப் போகவில்லை. ஏனென்றால் அவளுக்குக் காய்ச்சல்.’

தேர்வு சொல்ல: அல்லது, இல்லையென்றால். 
‘பணத்தை இன்று கட்டுங்கள். இல்லையென்றால் நாளை அலுவலகத்துக்கு வாருங்கள்.’

கூடுதலாகச் சொல்ல: மேலும், அதோடு, அதுமட்டுமின்றி. 
‘கூரை ஒழுகுகிறது. மேலும் சுவரிலும் விரிசல் கண்டுள்ளது.’

ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் முற்றுப்புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைத் தனியாகப் படித்துப் பாருங்கள். இரண்டும் தாமாக நிற்கும். ‘அவளுக்குக் காய்ச்சல்’ என்பதில் வினைச்சொல்லே இல்லையே என்று கேட்கலாம். தமிழில் பெயரும் பயனிலையாக வரும் என்பதால் அதுவும் முழு வாக்கியம்தான்.

சார்நிலை இணைப்பு

ஆங்கிலத்தில் பிகாஸ், இஃப், ஆல்தோ, வென் போன்ற சொற்கள் துணை வாக்கியத்தின் தலையில் தனிச்சொல்லாக நிற்கும். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டும் உறுப்பு செய்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். தேட வேண்டியது தலையில் அன்று, வாலில்.

காரணம்: ‘சாலை உடைந்ததால் லாரி வரவில்லை.’ 
நிபந்தனை: ‘மழை நின்றால் வேலைக்குப் போவோம்.’ 
உடன்படாமை: ‘மழை பெய்தாலும் கூட்டம் நடக்கும்.’ 
காலம்: ‘மணி அடித்தபோது நாங்கள் வாசலில் இருந்தோம்.’ ‘மணி அடித்தவுடன் ஓடினோம்.’ ‘மணி அடிக்கும்வரை காத்திருந்தோம்.’ 
கூற்று: ‘நாளை விடுமுறை என்று தலைமையாசிரியர் அறிவித்தார்.’

இவற்றில் ‘உடைந்ததால்’, ‘நின்றால்’, ‘பெய்தாலும்’ ஆகியவற்றோடு நிறுத்தினால் காது ஒப்புக்கொள்ளாது. முற்றுவினை வரும்வரை வாக்கியம் காத்திருக்கிறது.

இந்த வகையில் மிக அதிகமாகப் பயன்படுவது ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் வினையெச்சம். ‘அண்ணன் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கினான்.’ ஆங்கிலமாக இருந்தால் நான்கு முற்றுவினைகளை வைத்துக் கடைசிக்கு முன் ‘அண்ட்’ போட்டிருப்பார்கள். தமிழ் மூன்றை எச்சமாக்கி, கடைசி ஒன்றை மட்டும் முற்றாக்குகிறது. கூறுகள் பொருளில் ஏறக்குறைய சமம்தான், ஆனால் வடிவத்தில் முதல் மூன்றும் நான்காவதைச் சார்ந்து நிற்கின்றன. ஆங்கில இலக்கணப் பெட்டிகளுக்குள் தமிழை அப்படியே அடைக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

தடை எங்கிருந்து வந்தது?

‘அண்ட்’, ‘பட்’ ஆகியவற்றைக் கொண்டு வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்பது ஆங்கில வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. சிறு பிள்ளைகள் கதை எழுதும்போது வரிக்கு வரி ‘அண்ட்’ போடுவார்கள், அதைக் குறைக்க ஆசிரியர்கள் சொல்லி வந்த ஓர் அறிவுரை நாளடைவில் சட்டமாகிவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால் ஆங்கிலத்திலேயே அது இலக்கண விதி இல்லை. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளின் முதல் அதிகாரத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டாம் வசனம் தொடங்கி ஏறக்குறைய எல்லா வசனங்களும் ‘அண்ட்’ என்றே தொடங்குவதைக் காணலாம். ஆங்கிலப் பதிப்புலகில் பெரிதும் பின்பற்றப்படும் சிகாகோ நடைக் கையேடும் இந்தத் தடைக்கு வரலாற்று அடிப்படையோ இலக்கண அடிப்படையோ இல்லை என்று சொல்கிறது.

மலாய்ப் பாடத்திலும் பிள்ளைகள் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கேட்கிறார்கள். ‘தெத்தாப்பி’யை வாக்கியத்தின் நடுவில் வை, தலையில் வேண்டுமானால் ‘நாமுன்’ போடு என்பது அங்கே வழக்கமான அறிவுரை. அது மலாய் எழுத்துநடை சார்ந்தது, அந்தப் பாடத்தில் அதைப் பின்பற்றுவதே சரி. இரண்டு மொழி வகுப்புகளில் கேட்டது மூன்றாவது மொழிக்கும் தாவிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

தமிழில் இதற்கு இடமில்லை. ஏன்?

முதலில் ‘அண்ட்’ பக்கத்தைப் பார்ப்போம். அந்த வேலையைத் தமிழில் முதன்மையாகச் செய்வது ‘உம்’. ‘அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.’ தொல்காப்பியம் இடையியலில் ‘உம்’முக்கு எட்டுப் பொருள்களைச் சொல்கிறது. அவற்றுள் இப்படி எண்ணி அடுக்குவதும் ஒன்று. இந்த ‘உம்’ சொல்லின் வாலில்தான் ஒட்டும். அது வாக்கியத்தின் முதல் சொல்லாக நிற்கவே முடியாது. நடக்க முடியாத ஒன்றுக்குத் தடை எதற்கு?

இன்று ‘மற்றும்’ என்ற சொல்லை ‘அண்ட்’ போலப் பயன்படுத்துகிறார்கள். அறிவிப்புப் பலகைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் இது நிறைய. ‘மற்றும் அவர் நேற்று வந்தார்’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் தமிழ்க் காதுக்கு உறுத்தும். அந்த இடத்தில் ஆசிரியர் வட்டமிட்டால் அதில் நியாயம் உண்டு. அங்கே ‘மேலும்’ அல்லது ‘அதோடு’ என்று எழுதலாம்.

அடுத்து ‘பட்’ பக்கம். ‘ஆனால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘நின்றால்’, ‘வந்தால்’ என்பவற்றில் உள்ள அதே ‘ஆல்’தான் இதிலும் இருக்கிறது. ‘ஆகு’ என்ற வினையின் நிபந்தனை வடிவம்தான் ‘ஆனால்’. ‘நீ வருவாயானால் நானும் வருவேன்’ என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே அது சார்நிலை இணைப்பு. வாக்கியத்தின் தலையில் தனித்து நிற்கும்போது அதே வடிவம் எதிர்மாறு காட்டும் சமநிலை இணைப்பாகிவிட்டது.

மற்றவையும் இப்படித்தான். ‘எனவே’யில் ‘என’ இருக்கிறது, ‘ஆகவே’யில் ‘ஆக’ இருக்கிறது. ‘ஏனெனில்’ என்பது ‘ஏன் எனில்’, அதாவது ஏன் என்று கேட்டால். ‘இருந்தாலும்’ என்பது ‘அப்படி இருந்தாலும்’ என்பதன் சுருக்கம். இவை எல்லாம் வினையிலிருந்து பிறந்து, முன்னே சொல்லி முடித்ததைத் திரும்பிச் சுட்டும் சொற்கள். முன் வாக்கியம் முடிந்த பிறகு, அடுத்ததன் தலையில் நிற்பதுதான் இவற்றின் இயல்பான இடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பேருந்து வந்தது, ஆனால் இடமில்லை’ என்று காற்புள்ளி வைத்தாலும், ‘பேருந்து வந்தது. ஆனால் இடமில்லை’ என்று முற்றுப்புள்ளி வைத்தாலும் சொற்களின் வரிசை மாறவில்லை. ‘வந்தது’ என்ற முற்றுவினையில் முதல் கூறு எப்படியும் முடிந்துவிடுகிறது. மாறியது நிறுத்தற்குறி மட்டுமே. இந்தக் குறிகளே ஐரோப்பிய அச்சு வழக்கத்தோடு தமிழுக்கு வந்தவை. புள்ளி வைத்தால் குற்றம், காற்புள்ளி வைத்தால் சரி என்று சொல்ல இலக்கணத்தில் வழியில்லை.

உண்மையான தவறுகள் மூன்று

வட்டமிட வேண்டியவை வேறு உண்டு. முதலாவது, ஒரே உறவை இரண்டு முறை கட்டுவது. ‘மழை பெய்ததால், எனவே நாங்கள் வரவில்லை.’ ‘அவர் உழைத்தாலும், ஆனால் சம்பளம் போதவில்லை.’ ‘நான் வரவில்லை. ஏனென்றால் காய்ச்சல் என்பதால்.’ முதல் வாக்கியத்தில் ‘ஆல்’ ஏற்கெனவே காரணத்தைச் சொல்லிவிட்டது, ‘எனவே’ மிகை. இரண்டாவதில் ‘ஆலும்’ இருக்கும்போது ‘ஆனால்’ மிகை. மூன்றாவதில் ‘ஏனென்றால்’, ‘என்பதால்’ இரண்டில் ஒன்று போதும். வாக்கியத்தைச் சத்தமாகப் படித்து, ஒன்றை விரலால் மறைத்துப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் அது வேண்டாத சொல்.

இரண்டாவது, துணை வாக்கியத்தைத் தனியே தொங்க விடுவது. ‘நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். மழை பெய்ததால்.’ பேச்சிலும் கதையிலும் இது வரலாம். கட்டுரையிலும் கடிதத்திலும் ‘மழை பெய்ததால் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம்’ என்று சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது, ‘செய்து’ எச்சத்தில் ஆளை மாற்றுவது. ‘நான் கடைக்குப் போய் அம்மா சமைத்தார்’ என்று எழுதக்கூடாது. போனவர் யாரோ அவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும் என்பது இந்த எச்சத்தின் பொது விதி. ஆள் மாறினால் வடிவத்தையும் மாற்ற வேண்டும்: ‘நான் கடைக்குப் போனபோது அம்மா சமைத்தார்.’

இதோடு ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பத்தியில் ஐந்து வாக்கியங்கள் ‘ஆனால்’ என்று தொடங்கினால், அதைக் குறை என்று சொல்லலாம். அது நடைக் குறை. இலக்கணப் பிழை இல்லை.

ஒரு கடிதத்தில் இணைப்பின் வேலை

அந்தப் பிள்ளையின் அப்பா போக முடியாமல்போன கூட்டம் தண்ணீர்க் குழாய் பற்றியது. கூட்டத்தின் முடிவில் நிர்வாகத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். நடந்தது இதுதான். திங்கட்கிழமை குழாய் உடைந்தது. அன்றே அலுவலகத்தில் சொன்னார்கள். யாரும் வரவில்லை. வியாழக்கிழமை குடியிருப்பாளர்களே பழைய சைக்கிள் டியூபால் குழாயைக் கட்டினார்கள். பிறகு மீண்டும் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார்கள்.

கடிதத்தின் முதல் படியில் இருந்த வாக்கியம்: ‘குழாய் உடைந்ததால் நாங்களே அதைக் கட்டிவிட்டு அலுவலகத்தில் தெரிவித்தோம்.’

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எழுதியதும் பொய்யில்லை. ஆனாலும் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ‘கட்டிவிட்டு’ என்ற எச்சம், கட்டியது முதலில், தெரிவித்தது பிறகு என்று வரிசைப்படுத்துகிறது. திங்கட்கிழமை சொன்னது வாக்கியத்திலேயே இல்லை. ‘சொல்லாமல் குழாயில் ஏன் கை வைத்தீர்கள்?’ என்று கேட்க வழி திறந்துவிடுகிறது.

நடந்தவற்றுள் முதன்மையானது எது? சொன்னது ஒன்று, யாரும் வராதது ஒன்று, வேறு வழியில்லாமல் கட்டியது ஒன்று. மூன்றும் முதன்மை வாக்கியங்களாக நிற்கத் தக்கவை. எதையும் எச்சத்துக்குள் மறைக்கக்கூடாது. எனவே இப்படி மாற்றினோம்:

‘திங்கட்கிழமை குழாய் உடைந்தவுடன் அலுவலகத்தில் தெரிவித்தோம். ஆனால் புதன்கிழமை வரை யாரும் வரவில்லை. எனவே வியாழக்கிழமை நாங்களே குழாயைத் தற்காலிகமாகக் கட்டினோம்.’

‘உடைந்தவுடன்’ என்பது மட்டும் துணை வாக்கியம். அது உடைந்ததற்கும் தெரிவித்ததற்கும் இடையே தாமதம் இல்லை என்று காட்டுகிறது. ‘ஆனால்’ யார் பக்கம் வேலை நின்றது என்று காட்டுகிறது. ‘எனவே’ குடியிருப்பாளர் செய்தது அதன் விளைவு என்று காட்டுகிறது. இரண்டு வாக்கியங்கள் இணைப்புச் சொல்லில் தொடங்குகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் மூன்று தனித்தனிச் செய்திகள் மிஞ்சும், யார் பொறுப்பு என்பது மிஞ்சாது.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

வகுப்பில் இந்தத் தடை இருந்தால் பிள்ளையை ஆசிரியரோடு மல்லுக்கு நிற்கச் சொல்ல வேண்டாம். முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி வைத்து ஒரே வாக்கியமாக எழுதலாம்: ‘அப்பா கூட்டத்துக்குப் போக நினைத்தார், ஆனால் வேலை முடிய இரவாகிவிட்டது.’ சார்நிலையாகவும் மாற்றலாம்: ‘அப்பா கூட்டத்துக்குப் போக நினைத்தாலும், வேலை முடிய இரவாகிவிட்டதால் போக முடியவில்லை.’ செய்யக்கூடாத ஒன்று, சொல்லை எடுக்க வேண்டும் என்பதற்காக உறவையே மாற்றிவிடுவது.

இந்த மூன்று வடிவங்களையும் அந்தப் பிள்ளையின் நோட்டில் எழுதிக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். முதலில் தான் எழுதியதையே விரலால் தொட்டுக் காட்டினாள். “இதுலதான் அப்பா பாவம்னு தெரியுது” என்றாள்.